பெயர்ப்பலகைக்குள் மழை புகும் வழி

ஐப்பசி அடைமழை ஒரு வாரம் கொட்டித் தீர்த்த பிறகு, ராத்திரி ஏழு மணிக்கு எந்த ஊர்க் கடைத்தெருவிலும் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். போன மாதம்வரை ‘மருந்தகம்’ என்று முழுசாக எரிந்த பலகையில் இப்போது ‘மருந்’ மட்டும் எரியும். பக்கத்து ஜவுளிக்கடைப் பலகை விநாடிக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எரியும். புதுசாக ஏதோ விளம்பர உத்தி என்று போகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதற்கும் அடுத்த கடைக்காரர் பலகையின் சுவிட்சைப் போடவே மாட்டார். போட்டால் கடை முழுக்கக் கரண்ட் போய்விடுகிறது.

மூன்றுக்கும் மழைதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மழை எந்த வழியாக உள்ளே போனது என்று கேட்டால், ‘மேலே அடித்தது, ஒழுகியது’ என்பதுதான் பொதுவான பதில். பெரும்பாலும் அது தப்பு. எழுத்துக்குள் ஒட்டியிருக்கும் எல்இடி மாட்யூல்களைப் பிளாஸ்டிக் உருக்கி மூடியே செய்கிறார்கள். நல்ல மாட்யூல் நேரடி மழையிலும் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் கெடுப்பது இணைப்புகளையும், மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும், அவை இருக்கும் பெட்டியையும்தான். அந்தப் பெட்டிக்குள் அது போகும் வழி, நாமே கேபிளுக்காகப் போட்ட ஓட்டை.

பலகை வேலை செய்கிறவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கடை வாசலில் ஏணி மேல் நின்றபடி பெட்டியைத் திறந்த வயர்மேனிடம் கீழே இருந்து கடைக்காரர் குரல் கொடுக்கிறார்: “போன வருசம்தான தம்பி சிலிக்கான் அடிச்சு சுத்தி அடைச்சாங்க?” மேலே இருந்து பதில் வருகிறது: “அடைச்சதாலதான் அண்ணாச்சி, போன தண்ணி வெளிய வர முடியாம உள்ளயே நிக்குது.”

அவர் சொன்னதில் இயற்பியல் இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குப் பலகை எரிகிறது, பெட்டிக்குள் எஸ்எம்பிஎஸ் சுடுகிறது, உள்ளே காற்று 60 டிகிரிக்குப் போயிருக்கிறது என்று வையுங்கள். திடீரென்று மழை பிடித்துப் பெட்டியை 28 டிகிரிக்குக் குளிர்விக்கிறது. உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கும். முழுக்க அடைத்த பெட்டி என்றால் சுருங்க இடமில்லை. உள்ளே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு ஒரு மீட்டர் உயரத்துத் தண்ணீரைத் தூக்கும் அளவுக்கு இருக்கும். எங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதன் வழியே காற்றை உறிஞ்சும். அந்த இடைவெளியின் மேல் மழைத்தண்ணீர் நின்றால் தண்ணீரை உறிஞ்சும். மறுநாள் பெட்டி சூடானதும் காற்று மட்டும் வெளியே போகும், தண்ணீர் தங்கிவிடும். தினம் ஒரு சொட்டு என்றாலும் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொரு வழி கேபிளின் உள்ளேயே இருக்கிறது. முறுக்கிய செம்புக் கம்பிகளுக்கு நடுவிலும் மேலுறைக்கு அடியிலும் நுண்ணிய இடைவெளிகள் ஓடுகின்றன. கேபிளின் மேல் முனை எங்கேயோ ஓர் எழுத்தின் பின்னால் இன்சுலேஷன் டேப் சுற்றிய நிலையில் நனைந்துகொண்டிருந்தால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது மாதிரி அது தண்ணீரை இழுத்துக் கீழே பெட்டிக்குள் கொண்டுவந்து விடும். வெளியே கிளாண்ட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இதைத் தடுக்காது. டேப்பின் பசை நம் ஊர் வெயிலில் ஒரே கோடையில் இளகிப் பிசுபிசுத்து விலகிவிடும். வெளியில் இருக்கும் இணைப்புக்கு அதை நம்பவே கூடாது.

பெட்டி வாங்கும்போது ‘ஐபி 65’ என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி விற்பார்கள். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 6 என்றால் தூசி உள்ளே போகாது. 5 என்றால், சுமார் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து குழாய் முனையால் நிமிடத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர் தண்ணீரைக் குறைந்தது மூன்று நிமிடம் பீச்சியடித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். ஆனால் தேர்வில் தேறியது ஓட்டை போடாத பெட்டி. கடை வாசலில் நின்று டிரில் வைத்த நிமிடமே அந்த எண் நம் கைவேலையின் பொறுப்புக்கு வந்துவிடுகிறது. பெட்டியைச் சுவரில் மாட்டுவதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். மூடியின் ரப்பர் பட்டைக்கு வெளியே, நான்கு மூலைகளிலும் திருகாணிக்கென்றே துளைகள் இருக்கும். மூடி திருகும் ஆணிகளுக்கு அடியில் அவை மறைந்திருப்பதால் கவனிக்காமல், பெட்டியின் முதுகில் நட்டநடுவே துளைத்து அறைந்துவிடுவார்கள். சுவரில் வழியும் தண்ணீருக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

இனி அந்த ‘மருந்தகம்’ பலகையையே எடுத்துக்கொண்டு, புதிதாக வயரிங் செய்வதாக வைத்துக் கணக்குப் போடலாம்.

பன்னிரண்டு அடி நீளப் பலகை. இரும்புச் சட்டத்தின் மேல் ஏசிபி ஷீட், அதன் மேல் ஒன்றரை அடி உயரத்தில் ஆறு அக்ரிலிக் எழுத்துகள். தமிழ்ப் பலகையில் ஒரு சின்ன வம்பு உண்டு: ந், ம் இரண்டுக்கும் மேலே இருக்கும் புள்ளி தனித் துண்டு. அதற்குள்ளும் ஒரு மாட்யூல் வைத்து, ஷீட்டின் பின்பக்கமாகத் தனியாக வயர் கொண்டுபோக வேண்டும். அவசரத்தில் மறந்துபோய், புள்ளி மட்டும் இருட்டாக நிற்கும் பலகைகள் ஊரெல்லாம் இருக்கின்றன. புள்ளிகளையும் சேர்த்து எழுத்துக்குச் சராசரியாக 16 மாட்யூல் என்றால் மொத்தம் 96. ஒன்று 1.2 வாட் என்றால் 115 வாட். 12 வோல்ட்டில் இது 9.6 ஆம்பியர்.

115 வாட்டுக்கு 120 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமே என்று தோன்றும். போதாது. முழுச் சுமையில் ஓடும் எஸ்எம்பிஎஸ் அதிகம் சூடாகும். உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே திறனில் எண்பது சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றுவதில்லை. 115ஐ 0.8ஆல் வகுத்தால் 144. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 150 வாட், அதாவது 12.5 ஆம்பியர். அதை வாங்கலாம்.

எந்த வகை 150 வாட் என்பதில்தான் செலவு மாறுகிறது. மலிவானது, ஓட்டை ஓட்டையாகப் போட்ட தகர உறை உள்ளது. அது கட்டடத்துக்குள் வைக்கவேண்டிய சாமான். அதைக் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்தால் அது வெளிவிடும் பதினாறு, பதினேழு வாட் வெப்பம் போக வழியில்லாமல் தானே வேகும். காற்றுப் போகிற பெட்டிக்குள் வைத்தால் எறும்பு கூடு கட்டும், பல்லி உள்ளே போய்க் குறுக்கே விழும். ‘ரெயின்ப்ரூஃப்’ என்று விற்கும் நடுவகை, இணைப்புகள் கீழே பார்க்க நிமிர்த்தி வைத்தால் சாரலைத் தாங்கும். படுக்க வைத்தால் தாங்காது. மூன்றாவது வகை, அலுமினிய உறைக்குள் எல்லாவற்றையும் வைத்து ரப்பர் மாதிரியான கலவையை ஊற்றி இறுக்கியது. இரண்டு முனையிலும் கேபிள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஐபி 67 என்று போட்டிருக்கும். விலை கூடத்தான். ஆனால் இதைப் பெட்டிக்குள் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பலகையின் பின்னால், வெயில் படாத நிழலில், இரும்புச் சட்டத்தோடு ஒட்டித் திருகினால் வெப்பம் சட்டத்துக்கு இறங்கிவிடும். பெட்டிக்குள் சூடாகும் பொருள் எதுவும் இல்லாததால், உறிஞ்சும் பிரச்சினையும் பெருமளவு அடங்கிவிடுகிறது. மழை ஊரில், அதுவும் உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊரில், காசை மிச்சம் பிடிக்கக்கூடாத ஒரே இடம் இதுதான். வாங்கும்போது கேபிள் உருண்டையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தனித்தனி வயர்களாக நீட்டியிருந்தால் கிளாண்ட் அவற்றைக் கவ்வாது.

இந்த அமைப்பில் இரண்டு சின்னப் பெட்டிகள் வரும். ஒன்றில் 230 வோல்ட் இணைப்பு, இன்னொன்றில் 12 வோல்ட் இணைப்பு. ஒரே பெட்டியில் இரண்டையும் அடைத்தால், பின்னாளில் எழுத்து எரியவில்லை என்று யாரோ திறந்து ‘12 வோல்ட்தானே’ என்று கை வைப்பார். கை படுவது 230 வோல்ட்டாக இருக்கலாம்.

பெட்டிக்குக் கேபிள் நுழையும் ஓட்டை எப்போதும் அடிப்பக்கத்தில்தான். மேலே கூடாது, பக்கவாட்டிலும் முடிந்தவரை வேண்டாம். ஓட்டையைப் படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் டிரில் கொண்டு போட்டால் விளிம்பு வட்டமாக, பிசிறில்லாமல் வரும். சூடு காட்டிய ஆணியால் பொசுக்கிப் போட்ட ஓட்டையில் எந்த ரப்பரும் உட்காராது. அதில் கிளாண்டைத் திருக வேண்டும். கிளாண்ட் என்பது, நட்டை இறுக்க இறுக்க உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் சுருங்கிக் கேபிளைக் கவ்வும் நைலான் துண்டு. மூன்று கோர் 1.5 சதுர மி.மீ. கேபிளின் வெளி விட்டம் எட்டு, ஒன்பது மி.மீ. இருக்கும். பிஜி 11 என்ற கிளாண்ட் 5 முதல் 10 மி.மீ. வரை கவ்வும், அதற்கு 18.6 மி.மீ. துளை, 19 போட்டாலும் பாதகமில்லை. வாஷர் பெட்டிக்கு வெளிப்பக்கம் வரவேண்டும்.

கிளாண்டைப் பற்றி ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும்: ஒரு கிளாண்டில் ஓர் உருண்டைக் கேபிள். இரண்டு வயரைச் சேர்த்து நுழைத்தால் நடுவில் ஒரு முக்கோண இடைவெளி நிற்கும். தட்டையான சிவப்பு-கறுப்பு வயருக்கும் அதே கதி. அந்த இடைவெளியைச் சிலிக்கானால் அடைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதில் இன்னொரு தீமையும் உண்டு. ட்யூபைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளித்த நெடி அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. மூடிய பெட்டிக்குள் அது செம்பை அரிக்கும். சில மாதம் கழித்துத் திறந்தால் இணைப்பில் பச்சை பூத்திருப்பது இதனால்தான். அடைத்தே ஆகவேண்டும் என்றால் அந்த நெடி இல்லாத ‘நியூட்ரல்’ வகை வேண்டும்.

கேபிள் கிளாண்டுக்குள் போவதற்கு முன், பெட்டியைவிடக் கீழே ஒரு சாண் தொங்கி, வளைந்து மேலேறி நுழைய வேண்டும். கேபிளின் மேல் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், ஏறி வராது. காசு செலவில்லாத வேலை. ஆனால் கேபிள் தொங்கினால் அசிங்கமாகத் தெரிகிறது என்று விறைப்பாக இழுத்துக் கிளிப் அடித்துவிடுவார்கள். பெட்டியின் அடியிலேயே, கிளாண்டுகளுக்குப் பக்கத்தில், காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் ப்ரீதர் பிளக் ஒன்றைத் திருகினால் பெட்டி தாராளமாக மூச்சுவிடும். அது கிடைக்காத ஊரில், நல்ல நிழலில் இருக்கும் பெட்டிக்கு அடியில் மூன்று மி.மீ. துளை ஒன்று போட்டு உள்ளே எறும்பு போகாமல் நெருக்கமான வலை ஒட்டுவார்கள். ஐபி எண் அதோடு போய்விடும். ஆனால் உள்ளே சேர்ந்த தண்ணீருக்கு வெளியேற வழி கிடைக்கும்.

12 வோல்ட் பக்கத்தில் ஷாக் பயம் இல்லை என்பதால் அங்கே கையில் கிடைத்த வயரைப் போடும் பழக்கம் இருக்கிறது. மங்கலான எழுத்துகளின் பிறப்பிடம் அதுதான். பலகையின் ஒரு முனையில் பெட்டி, மறுமுனையில் ‘கம்’ என்ற இரண்டு எழுத்து, நடுவே நான்கு மீட்டர். இரண்டு எழுத்துக்கு 3.2 ஆம்பியர் வேண்டும். அரை சதுர மி.மீ. வயரில் போகவர எட்டு மீட்டருக்கு மின்தடை சுமார் 0.31 ஓம், அதில் ஒரு வோல்ட் தொலைந்துவிடும். பன்னிரண்டில் ஒன்று போனால் என்ன என்று கேட்கலாம். மாட்யூலுக்குள் மூன்று எல்இடிகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கே ஒன்பதுக்குச் சற்று மேல் வோல்ட் வேண்டும். மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது மீதமிருக்கும் இரண்டரைச் சொச்சம் வோல்ட்தான். அதில் ஒன்று குறைந்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு விழும். அதே தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.34 வோல்ட், கண்ணுக்குத் தெரியாது.

அதனால் ஆறு எழுத்தையும் ஒரே சங்கிலியாகக் கோக்காமல், இரண்டிரண்டாக மூன்று கிளைகள். ஒவ்வொன்றுக்கும் பெட்டியிலிருந்து தனி இரண்டு கோர் கேபிள். சங்கிலியாகக் கோத்தால், ‘ந்’தைத் தாண்டி ஓர் இணைப்பு விட்டாலே ‘தகம்’ முழுக்க இருட்டாகும். ஆரம்பத்தில் பார்த்த பலகைக்கு நடந்தது அதுதான். கிளைக்கு ஒன்றாக, காரில் போடும் பிளேட் ஃபியூஸ், 5 ஆம்பியர். இது எதற்கு என்றால், எழுத்துக்குள் அரைகுறையாக உரசும் ஒரு மெல்லிய வயர் எட்டு ஆம்பியர் இழுத்தாலும் 12.5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் சளைக்காமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். மெயின் போர்டில் இருக்கும் ஆர்சிசிபிக்கு இது தெரியவே தெரியாது. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நடப்பதை அது பார்ப்பதில்லை. வயர் பழுத்து அக்ரிலிக் எரியும்.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்குள் வைத்து 12 வோல்ட்டை வெளியே கொண்டுபோனால் மழைத் தொல்லையே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. சுவருக்குப் பின்னாலேயே இரண்டு, மூன்று மீட்டருக்குள் இடம் இருந்தால் நல்ல யோசனை. எட்டு மீட்டர் தள்ளி மாடிப்படிக்கு அடியில் வைத்தால், 9.6 ஆம்பியருக்கு 2.5 சதுர மி.மீ. கேபிளில்கூட 1.2 வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. வேண்டியிருக்கும், அல்லது ஆரம்பத்திலேயே 24 வோல்ட் மாட்யூல் வாங்கியிருக்க வேண்டும்.

230 வோல்ட் பக்கத்தை, அரசின் தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாள்தான் செய்ய வேண்டும். கடைக்காரர் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பலகைக்கென்று தனி எம்சிபியும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும், ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் வெட்டும் சுவிட்சும். இரண்டாவது, எர்த். எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை வயரும், பலகையின் இரும்புச் சட்டமும் எர்த்தோடு சேர வேண்டும். சட்டத்தில் பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கினால் அது எர்த் ஆகாது. இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, லக் அடித்து, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே துரு பிடிக்காமல் பெயின்ட் அடிக்க வேண்டும். மழைநாளில் ஷட்டரை இறக்கும்போது கையில் சுர்ரென்று இழுக்கிறது என்று சொல்லும் கடைகளில் பெரும்பாலும் இந்த எர்த் இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உறைக்கு இரண்டு சிறு மின்தேக்கிகள் போகின்றன. எர்த் இல்லாவிட்டால் அவை உறையைச் சுமார் 115 வோல்ட்டில் நிறுத்தி வைக்கும். மிகச் சிறிய மின்னோட்டம்தான், அதனால் ஆளைக் கொல்லாது. ஆனால் ஃபேஸ் வயரே உரசும் நாளில் கரண்ட் போக ஆள் உடம்பைத் தவிர வேறு வழி இல்லை என்பதற்கு அது முன்னறிவிப்பு.

வேலை முடிந்ததும் சோதனை. சுவிட்சைப் போட்டு, கடைசி ‘ம்’மின் கடைசி மாட்யூலில் மல்டிமீட்டர் வைத்தால் 11.5 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸின் வெளிக் கேபிளில் ஒரு வயரை மட்டும் டிசி கிளாம்ப் மீட்டர் கவ்வினால் ஒன்பதரை ஆம்பியர் அளவில் காட்ட வேண்டும். பதினொன்றைத் தாண்டினால் எங்கோ உரசல், அல்லது மாட்யூல் எண்ணிக்கை கணக்கில் தப்பு. அந்த ஜவுளிக்கடைப் பலகை மாதிரி எல்லா எழுத்தும் ஒன்றாக அணைந்து அணைந்து எரிந்தால் எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று பொருள்: ஓவர்லோடைக் கண்டு நிறுத்துகிறது, மறுபடி முயல்கிறது, மறுபடி நிறுத்துகிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால், எதைப் பிடுங்கியதும் மற்றவை நிலையாக எரிகின்றனவோ அந்தக் கிளையில்தான் கோளாறு. ஆர்சிசிபி விழும் கடையில் தேட வேண்டியது 230 வோல்ட் பெட்டியை.

கடைசியாக, பலகையை ஒரு மணி நேரம் எரியவிட்டுச் சூடாக்கி, சுவிட்சை அணைத்து, எம்சிபியையும் இறக்கிவிட்டு, தோட்டத்துக் குழாயால் மேலிருந்து பத்து நிமிடம் தண்ணீர் அடிக்க வேண்டும். குளிர்ந்திருக்கும் பெட்டியின் மேல் அடித்துப் பயனில்லை. சூடான பெட்டி குளிரும்போதுதான் உறிஞ்சும். மறுநாள் காலையில் மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டிவைத்த ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தைத் தொட்டுப் பார்க்கலாம். ஈரமாக இருந்தால் கிளாண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். உலர்ந்திருந்தால், மூடியின் ஆணிகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கி, மாட்யூல் எண்ணிக்கையையும் ஃபியூஸ் அளவையும் மூடியின் உட்புறத்தில் மார்க்கரால் எழுதிவிட்டு ஏணியை எடுக்கலாம். அடுத்த புரட்டாசியில் ஒருமுறை திறந்து, ரப்பர் பட்டை விறைத்துப்போயிருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்து, விறைத்திருந்தால் மழைக்கு முன் மாற்ற வேண்டும்.